புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் டோர்னோகலில் 38 எஃப்பிஎஸ்: எங்கே அடைபடுகிறது?

ஈசூன்_ஈட்டி · திங்கள், இரவு 9:12

வணக்கம். மூன்று மாதம் பணம் சேர்த்து ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கிப் போட்டேன். முன்பு இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், அதாவது நம் வாவ், காட்டிலும் மலையிலும் பறக்கிறது, நொடிக்கு 140 படம், 140 எஃப்பிஎஸ். ஆனால் டோர்னோகல் நகரத்துக்குள் வந்து வங்கிப் பக்கம் நின்றால் 38. பழைய கார்டில் அதே இடத்தில் 36 வந்தது. இத்தனை செலவுக்கும் கூடியது இரண்டே இரண்டு.

மற்ற விவரம்: ரைசன் 5 3600, 16 ஜிபி ராம், 1080பி திரை, சாட்டா எஸ்எஸ்டி. கடைக்காரரிடம் கேட்டேன், டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

ரெய்டிலும் இதே தொல்லை. பாஸை இழுத்த முதல் அரை நிமிடம் 30க்கு இறங்கிவிடுகிறது, அப்புறம் மெல்ல ஏறுகிறது. எங்கள் கில்டு சிட்னி நேரம் 9 மணிக்கு ரெய்டு தொடங்கும், நமக்கு அது 7 மணி. வேலை முடிந்து எம்ஆர்டியில் ஓடி வந்து உட்கார்ந்தால் திரை படம் படமாக நகர்கிறது. கார்டில் கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஏழு நாளுக்குள் என்றால்தான் வாங்கிக்கொள்வார்கள். இன்று நான்காம் நாள்.

கோசோங்_காப்பி · திங்கள், இரவு 9:30

கார்டை மாற்றாதீர்கள். Render Scale 100இலிருந்து 70க்கு இறக்கிப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் எஃப்பிஎஸ் கண்டிப்பாகக் கூடும். என் கணினியில் அப்படித்தான் சரி செய்தேன்.

சிபியுவைச் சந்தேகப்படாதீர்கள், 3600 ஆறு கோர் உள்ளது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 20 சதவீதம்தான் காட்டும்.

லிம்சா_லெட்சுமி · திங்கள், இரவு 9:41

நான் ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடுகிறேன். லிம்சா லோமின்சாவில் பெரிய ஈதரைட் சதுக்கத்தில் எனக்கும் இதேதான். System Configuration உள்ளே Character and Object Quantity என்று ஒன்று இருக்கிறது. அதை Minimum ஆக்கினேன், கூட்டமே பாதியாகி ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வாவில் இது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

தேக்கா_தச்சன் · திங்கள், இரவு 10:05

தம்பி, கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். ஊகத்தை வைத்துப் பணம் செலவழிக்கக் கூடாது, அதனால் முதலில் சோதித்துவிடலாம்.

வங்கி அருகே ஒரே இடத்தில் நில்லுங்கள். கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வையுங்கள், அதன் பிறகு சுட்டியைத் தொடாதீர்கள். Ctrl+R அழுத்தினால் எஃப்பிஎஸ் தெரியும். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். பிறகு Render Scale ஐ 50 ஆக்குங்கள்.

அதாவது கோசோங் சொன்னதையே செய்கிறீர்கள், ஆனால் மருந்தாக அல்ல, சோதனையாக. படத்தின் அளவு பாதியானால் கார்டின் வேலை நிறையக் குறையும். எஃப்பிஎஸ் தாவி ஏறினால் அடைப்பு கார்டில். அசையாமல் நின்றால் கார்டு வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். அதே இடத்தில் நின்றபடி கேமராவை மேலே ஏற்றித் தரையை மட்டும் பாருங்கள். என்ன எண் வருகிறது?

ஈசூன்_ஈட்டி · திங்கள், இரவு 10:38

செய்தேன் அண்ணே.

Render Scale 100: 38 எஃப்பிஎஸ், ஜிபியு 40 சதவீதம்.
Render Scale 50: 39 எஃப்பிஎஸ், ஜிபியு 21 சதவீதம்.
தரையை மட்டும் பார்த்தால்: 74.

படம் மண்ணாகத் தெரிந்ததே ஒழிய வேகம் கூடவில்லை. கோசோங் சொன்னபடி சிபியு மொத்தம் 22 சதவீதம்தான் காட்டுகிறது. அப்படியென்றால் இரண்டுமே சும்மா இருக்கின்றன. பிறகு யார்தான் வேலை செய்கிறார்கள்?

தேக்கா_தச்சன் · திங்கள், இரவு 11:20

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

3600இல் விண்டோஸ் கண்ணுக்கு 12 இழைகள், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை ஓடலாம். ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். ‘20 சதவீதம்’ என்பதை வைத்துச் சிபியு ஓய்வாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோர்களைத் தனித்தனியாகப் பார்த்தாலும் ஏமாறுவோம், ஏனென்றால் விண்டோஸ் அந்த இழையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைக்கும். எதுவும் 100ஐத் தொட்டதாகத் தெரியாது.

தேக்கா உணவு நிலையத்தில் கூட்டமான கடையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நான்கு அடுப்பு, நான்கு பேர் சமைக்கத் தயார். முன்னால் ஆர்டர் வாங்குகிறவர் ஒருவர்தான். வரிசை நீண்டால் அடுப்பைப் பெரிதாக்கி என்ன பயன்? நீங்கள் புதிதாக வாங்கியது அடுப்பு.

வாவ் 2004இல் வந்த ஆட்டம். பின்னாளில் டைரக்ட்எக்ஸ் 12 சேர்த்து, வரைகிற வேலையைப் பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் ஆட்டத்தின் முதன்மை இழை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் யார் எங்கே நகர்ந்தார், என்ன மந்திரம் போட்டார், தலைக்கு மேல் பெயர் எங்கே வர வேண்டும், ஆட்ஆன்கள் என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரும்பகுதி அதன் தலையில்தான்.

இப்போது நகரத்துக்கு வருவோம். கட்டடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அசையாது, வடிவம் முன்பே தெரியும், மொத்தமாகக் கட்டி அனுப்பிவிடலாம். ஆள் அப்படி இல்லை. உங்கள் பக்கத்தில் நிற்பவர் ஒரு தோள்கவசம், ஒரு அங்கி, இரண்டு வாள், கூடவே ஒரு செல்லப்பிராணி, போதாததற்கு ஒரு டிராகன் மேல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவரிடம் இதில் ஒன்றுகூட ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு துண்டையும் வரை என்று கார்டுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரின் எலும்புக்கூட்டையும் பிரேமுக்குப் பிரேம் அசைக்க வேண்டும். நிழல் கூட்டி வைத்திருந்தால் அதே ஆளைச் சூரியன் பக்கமிருந்து பார்ப்பது போல மறுபடியும் வரைய வேண்டும். வங்கி முன் அறுபது பேர் என்றால் இதையெல்லாம் அறுபதால் பெருக்குங்கள்.

நீங்கள் தரையைப் பார்த்ததும் 74 வந்ததற்குக் காரணம் இதுதான். ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், வரையும் வேலை மட்டும் போய்விட்டது. ஆனால் கவனியுங்கள், காட்டில் வந்த 140 வரவில்லை. கண்ணில் படாத கூட்டத்துக்கும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கோசோங்_காப்பி · திங்கள், இரவு 11:34

சரி, மொத்தச் சதவீதத்தைப் பார்த்தது என் தவறு. ஆனால் Render Scale எனக்கு வேலை செய்ததே? 27இல் இருந்தது 45 ஆனது.

தேக்கா_தச்சன் · திங்கள், இரவு 11:40

உங்களுடையது எந்தக் கார்டு, எந்தத் திரை?

கோசோங்_காப்பி · திங்கள், இரவு 11:43

ஜிடிஎக்ஸ் 1050, 1440பி திரை.

தேக்கா_தச்சன் · திங்கள், இரவு 11:47

அப்படியென்றால் உங்களுக்கு அடைப்பு கார்டிலேயே. நீங்கள் செய்தது உங்களுக்குச் சரி. அதனால்தான் முதலில் சோதிக்கச் சொல்கிறேன்.

நள்ளிரவு_வைத்தியர் · செவ்வாய், காலை 7:50

நான் எங்கள் ரெய்டில் ஹீலர், எட்டு வருடமாக. இந்தப் பேச்சைப் படித்ததும் என் குறையைக் கேட்கத் தோன்றியது. இருபது பேர் ரெய்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் அடி வாங்கும்போது, நான் பொத்தானை அழுத்திய பிறகு ஹீல் அரை நொடி கழித்துத்தான் இறங்குகிறது. போன வாரம் அப்படியே டேங்க் கண் முன்னால் செத்தார். நிழல் எல்லாம் Low ஆக்கிவிட்டேன். எஃப்பிஎஸ் 70க்குக் கீழே போவதே இல்லை. இன்னும் எதைக் குறைக்க வேண்டும்?

தேக்கா_தச்சன் · செவ்வாய், மதியம் 12:25

அக்கா, நீங்கள் எதையும் குறைக்க வேண்டாம். உங்களுடையது வேறு நோய்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மந்திரம் மட்டும் தாமதம் என்றால் அது உங்கள் கணினிக்கு வெளியே நடக்கிறது. கீழே பட்டியில் Game Menu சின்னத்தின் மேல் சுட்டியை வைத்தால் Home, World என்று இரண்டு எண் வரும். ஓஷியானிக் ரெல்ம் சர்வர்கள் 2014இலிருந்து சிட்னியில் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து போய் வர 100 மில்லிநொடியை ஒட்டி ஆகும், அது தூரத்தின் விலை. சண்டையின்போது World எண் 300, 400 என்று ஏறினால் வீட்டு வைஃபையைப் பாருங்கள், முடிந்தால் கேபிள் இழுத்து ஆடுங்கள். எண் 100லேயே நிற்க ஹீல் மட்டும் தாமதமானால் சர்வர் தத்தளிக்கிறது. அதற்கு நம் பக்கம் எந்த அமைப்பும் கிடையாது.

நள்ளிரவு_வைத்தியர் · செவ்வாய், மதியம் 1:02

அப்படியானால் இத்தனை நாள் நிழலை அணைத்து அசிங்கமாக ஆடியது வீண். இன்றிரவே திருப்பிப் போடுகிறேன். World எண்ணையும் குறித்து வைக்கிறேன்.

ஈசூன்_ஈட்டி · செவ்வாய், மாலை 6:55

அண்ணே, இன்று எதை முதலில் குறைக்கலாம்? எல்லாவற்றையும் Low ஆக்கிவிடலாமா?

தேக்கா_தச்சன் · செவ்வாய், இரவு 7:30

வேண்டாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கினால் எது உதவியது என்று தெரியாது, ஆட்டமும் பார்க்கச் சகிக்காது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே இடம், ஒரே கேமரா. இரண்டு அளவுக்கும் நடுவே சில நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், கூட்டம் மாறிவிடும்.

எஃப்பிஎஸ்ஸை மில்லிநொடியாக மாற்றி எழுதுங்கள். 1000ஐ எஃப்பிஎஸ்ஸால் வகுத்தால் போதும். 38 என்றால் ஒரு பிரேமுக்கு 26.3 மில்லிநொடி, 60 என்றால் 16.7. எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று அப்போதுதான் நேராகத் தெரியும். 140இலிருந்து 150 ஆவது பெரிதாகத் தோன்றும், உண்மையில் அரை மில்லிநொடிகூட இல்லை.

என் வரிசை இது. முதலில் ஆட்ஆன் எல்லாவற்றையும் அணைத்து `/reload`. பிறகு Shift+V அழுத்தி நட்பு ஆட்களின் பெயர்ப்பலகையை மறையுங்கள். பிறகு Shadow Quality. கடைசியாக View Distance.

இடையில் ஒன்று: டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் Speed என்ன காட்டுகிறது?

ஈசூன்_ஈட்டி · செவ்வாய், இரவு 9:48

வங்கி முன் நின்று அளந்தேன். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் சேர்த்தது.

தொடக்கம்: 38, அதாவது 26.3 மில்லிநொடி.
ஆட்ஆன் எல்லாம் அணைத்து: 46, 21.7.
நட்புப் பெயர்ப்பலகை மறைத்து: 51, 19.6.
நிழல் Ultra இலிருந்து Fair: 58, 17.2.
View Distance 10இலிருந்து 5: 59. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஆட்ஆன் மட்டும் நாலரை மில்லிநொடி தின்றிருக்கிறது! நம்ப முடியாமல் காட்டுக்குப் போய் அதே ஆட்ஆன்களைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். அங்கே அரை மில்லிநொடிகூட வித்தியாசமில்லை.

ராம் Speed 2133 என்று காட்டுகிறது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்ததே?

தேக்கா_தச்சன் · செவ்வாய், இரவு 10:20

காட்டில் அரை, நகரத்தில் நாலரை. இதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நிறைய ஆட்ஆன்கள் தானாக ஓடுவதில்லை, யாருக்காவது ஏதாவது நடந்தால் விழித்துக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு பஃப் ஏறியது, இறங்கியது, உயிர்ப்பட்டை மாறியது என்று ஒவ்வொன்றுக்கும் எழும். காட்டில் எழுப்ப ஆளில்லை. ரெய்டில் பாஸை இழுத்ததும் இருபது பேரும் வைத்திருக்கும் பெரிய மந்திரங்களை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுவார்கள். அந்த முதல் அரை நிமிடம் உங்களுக்கு 30க்கு விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். பாதி பாதியாகப் போட்டு அளந்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் குற்றவாளியாக இருக்கும்.

View Distance நகரத்தில் உதவாததும் சரிதான். பாரம் தூரத்து மலையில் இல்லை, பத்தடியில் நிற்கும் ஆட்களிடம் இருக்கிறது.

ராம் விஷயம்: பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் தானாக வராது, பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை இயக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் சிலவற்றில் அதற்கு வேறு பெயர், டிஓசிபி என்றும் இருக்கும். இத்தனை ஆட்களின் விவரமும் நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. முதன்மை இழை அதைத் தேடிப் போகும் ஒவ்வொரு முறையும் ராமுக்காகக் காத்து நிற்கும். கணினி கட்டிக் கொடுத்தவர் அதை அன்றே போட்டிருக்க வேண்டும்.

மடிக்கணினி_மணி · செவ்வாய், இரவு 10:41

எனக்கும் எஃப்பிஎஸ் விழுகிறது. மடிக்கணினி, ஜூரோங் வெஸ்டில் வீவக வீடு, அறையில் மின்விசிறி மட்டும். தொடங்கும்போது 90, கால் மணி நேரத்தில் 45. எக்ஸ்எம்பி எங்கே இருக்கிறது?

தேக்கா_தச்சன் · செவ்வாய், இரவு 10:52

மணி, ஆளில்லாத இடத்தில் நின்றாலும் கால் மணி நேரத்தில் 45 ஆகிறதா?

மடிக்கணினி_மணி · செவ்வாய், இரவு 10:58

ஆமாம், எங்கே நின்றாலும்.

தேக்கா_தச்சன் · செவ்வாய், இரவு 11:03

அப்படியானால் அது கூட்டம் இல்லை, சூடு. நேரம் போகப் போக விழுந்தால் வெப்பம், ஆள் கூடக் கூட விழுந்தால் இங்கே நாம் பேசுவது. பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, காற்று போகும் ஓட்டையைச் சுத்தம் செய்து, எஃப்பிஎஸ்ஸை 60இல் கட்டிப்போட்டு ஆடிப் பாருங்கள். எக்ஸ்எம்பியைத் தேட வேண்டாம்.

லிம்சா_லெட்சுமி · புதன், காலை 8:15

நான் சொன்ன Character and Object Quantity பற்றி யாரும் பேசவில்லையே. அது வாவில் இருக்கிறதா இல்லையா?

தேக்கா_தச்சன் · புதன், காலை 8:40

மன்னிக்கவும் லெட்சுமி, விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது இந்தச் சிக்கலுக்கு மிக நேரான மருந்து. ஆளையே குறைத்துவிடுகிறது, ஆளோடு எலும்புக்கூடு, கவசம், நிழல் எல்லாம் போய்விடுகின்றன. கில்டு வார்ஸ் 2இலும் Character Model Limit என்று உண்டு. வாவ் அமைப்புகளில் அப்படி ஒன்று இல்லை, அதனால்தான் சுற்றி வளைத்து வேலை செய்கிறோம்.

ஆனால் ஃபைனல் ஃபேன்டஸியில் பெரிய வேட்டைக்குப் போகும்போது Minimum இல் விடாதீர்கள். யார் எங்கே கூடியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். அங்கே Battle Effects இல் Others என்பதை மட்டும் Show None ஆக்கினால் மற்றவர்களின் மந்திர ஒளி போய்விடும், ஆட்கள் தெரிவார்கள்.

ஈசூன்_ஈட்டி · புதன், இரவு 11:25

எக்ஸ்எம்பி போட்டேன். ரெய்டுக்கு முன்பே பயாஸுக்குப் போய் மாற்றி மாற்றி இரண்டிரண்டு முறை அளந்தேன், நேற்றும் இன்றும் ஒரே கூட்டம் இல்லை என்பதால். 2133இல் 57ம் 60ம், 3200இல் 66ம் 68ம். பைசா செலவில்லை.

ஆட்ஆன்களில் குற்றவாளி பெயர்ப்பலகைக்கு என்று போட்டிருந்த ஒன்று. அதை மட்டும் நீக்கினேன், மற்றதைத் திருப்பிப் போட்டேன். இப்போது வங்கி முன் 60ஐ ஒட்டி நிற்கிறது. ரெய்டில் இழுக்கும்போது மிகக் குறைந்தது 47.

ரெய்டுக்குத் தனியாக Raid and Battleground பகுதியில் Spell Density ஐக் குறைத்தேன், நிழல் Low. ஒரு தவறும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். Projected Textures ஐயும் அணைத்துவிட்டேன். பாஸ் தரையில் போடும் வட்டம் தெரியாமல் அதன் நடுவிலேயே நின்று முதல் இழுப்பில் செத்தேன். யாரும் அதைத் தொடாதீர்கள்.

நள்ளிரவு_வைத்தியர் · வியாழன், காலை 7:40

நட்புப் பெயர்ப்பலகையை மறைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தரை வட்டத்தில் யார் நிற்கிறார் என்று நான் பெயரைப் பார்த்துத்தான் ஓடுகிறேன். நகரத்தில் சரி, ரெய்டில் ஹீலருக்கு அது கண்.

World எண் நேற்று முழுக்க 104ஐத் தாண்டவில்லை. ஹீல் அப்படியும் இரண்டு முறை தாமதமானது.

தேக்கா_தச்சன் · வியாழன், மதியம் 12:30

அக்கா சொல்வது நியாயம். பெயர்ப்பலகையை நகரத்தில் மட்டும் மறையுங்கள். உங்கள் தாமதம் சர்வர்தான், வருத்தமாக இருக்கிறது.

ஈசூன், Max Foreground FPS ஐ 60 ஆக்குங்கள். 90க்கும் 47க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 60க்கும் 47க்கும் நடுவே ஊசலாடுவது கண்ணுக்கு இதம். இதற்கு மேல் வேண்டுமென்றால் சிபியுதான். உங்கள் போர்டில் பயாஸைப் புதுப்பித்தால் 5800எக்ஸ்3டி உட்காரும் என்றே நினைக்கிறேன், போர்டின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். 3600இல் எல்3 கேச் 32 எம்பி, அதில் 96. ராமுக்கு நடக்கும் நடை குறையும். ஆனால் 47 உங்களுக்குப் போதுமென்றால் வாங்க வேண்டாம்.

ஈசூன்_ஈட்டி · வியாழன், இரவு 8:10

போதும் அண்ணே, கார்டும் இங்கேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் தீரவில்லை. போர்ட்டல் வழியாக டோர்னோகலுக்குள் வந்ததும் ஒரு நொடி திரை உறைகிறது. அப்புறம் சரியாகிவிடும். இது அமைப்பு எதை மாற்றினாலும் போகவில்லை.

கோசோங்_காப்பி · வியாழன், இரவு 8:32

16 ஜிபி ராம், பின்னால் பிரவுசரில் முப்பது தாவல் திறந்திருந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கும் ஆனது.

தேக்கா_தச்சன் · வியாழன், இரவு 9:05

இருக்கலாம். அறுபது பேரின் கவசத்தையும் ஒரே மூச்சில் எஸ்எஸ்டியிலிருந்து எடுத்து அடுக்குவதாகவும் இருக்கலாம். பிரவுசரை மூடிவிட்டு இரண்டு முறை அதே போர்ட்டலில் போய் வாருங்கள். இரண்டாம் முறை உறையவில்லை என்றால் என் பக்கம், முதல் முறையே உறையவில்லை என்றால் கோசோங் பக்கம்.

ஈசூன்_ஈட்டி · வியாழன், இரவு 9:31

முதல் முறை உறைந்தது. இரண்டாம் முறையும் உறைந்தது, ஆனால் பாதி நேரம்தான். இது யார் பக்கம் என்று தெரியவில்லை. சனிக்கிழமை விடியற்காலை கூட்டமில்லாதபோது மறுபடி பார்த்து எழுதுகிறேன்.